போட்டோவில் இருப்பது நூற்கும் ராட்டையா, தார் சுற்றும் ராட்டையா? நாடாவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பழைய மரச் சாமான்கள் கொஞ்சம் கைக்கு வந்தன. ஒரு பலகைமேல் பொருத்திய சக்கரம், கைப்பிடி, ஓர் இரும்புக் கம்பி. படகு மாதிரி ஒரு கட்டை, இரண்டு முனையிலும் இரும்பு, உள்ளே ஒரு குச்சி. சீப்பு மாதிரி நீளமான ஒரு சட்டம். அப்புறம் நடுவில் நாக்கு மாதிரி இருக்கும் ஒரு தட்டையான கட்டை. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறேன். சக்கரம் நூல் நூற்கும் ராட்டையா? மற்றவை தறியின் பாகங்களா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

சக்கரத்தைக் கடைசியில் பார்ப்போம். சக்கரம் இருந்தாலே எல்லோரும் ராட்டை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், பிறகு மற்ற எல்லாவற்றையும் அந்த முடிவுக்கு ஏற்றபடி பார்க்கிறார்கள். உங்கள் போட்டோவில் அதிகம் பேசும் பொருள் அந்தப் படகு மாதிரியான கட்டைதான், அதிலிருந்து தொடங்கினால் சக்கரம் என்ன வேலை செய்தது என்பதும் தானாக வெளிவரும். எந்தப் பழைய நெசவுக் கருவியானாலும் நான் முதலில் பார்ப்பது உருவத்தை இல்லை, நூல் போன வழியை. நூல் எங்கே தங்கியிருந்தது, எந்த இடத்தில் உரசியது, எந்த வழியாக வெளியே போனது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பெயர் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை.

அந்தக் கட்டை நாடாதான், சந்தேகமே வேண்டாம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்கு நடுவே, குறுக்காக ஓடும் ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோவது. ஆனால் நாடா என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த வகை நாடா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையால் எறிகிற நாடா, கயிற்றை இழுத்தால் அடிபட்டு ஓடுகிற நாடா, விசைத்தறி நாடா என்று மூன்று பெரிய வகைகள் உண்டு, மூன்றும் போட்டோவில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

முனையைப் பாருங்கள். உங்களுடையதில் இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி இரும்புத் தொப்பி இருக்கிறது. கையால் எறிகிற நாடாவுக்கு அது தேவையில்லை. ஒரு கையால் விட்டு மறு கையால் பிடிப்பதால் அதன் முனை வழவழப்பான மரமாகவே இருக்கும், பாவு நூலில் மாட்டாமல் நழுவிப் போவதற்காகப் பல சமயம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். இரும்பு முனை வேண்டியிருப்பது நாடாவை ஏதோ ஒன்று அடித்துத் தள்ளும்போதுதான். தறியில் நாடா ஓடும் பலகையின் இரண்டு கோடியிலும் உள்ள நாடாப் பெட்டிக்குள் ஒரு தோல் அல்லது மரத் துண்டு, பிக்கர் என்பார்கள், கயிற்றை இழுத்ததும் வந்து முனையில் மோதும். நாளெல்லாம் ஆயிரக்கணக்கான தடவை மோதினால் வெறும் மரம் பிளந்துவிடும். இந்த முறையை இங்கிலாந்தில் ஜான் கே 1733-ல் காப்புரிமை பெற்றுக் கொண்டுவந்தார், அதுவரை ஒரே நெசவாளர் நெய்யும் துணியின் அகலம் அவர் கை எட்டும் தூரத்தோடு நின்றுபோனது. ஆனால் இந்த வருடத்தை வைத்து உங்கள் நாடாவின் வயதைக் கணக்கிட்டுவிடாதீர்கள். அதே வடிவம் இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படுகிறது. இரும்பு முனை வேலை செய்த முறையைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

அடுத்து, நூல் வெளியே வரும் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம். கையால் எறிகிற நாடாவில் துளை அநேகமாகப் பக்கவாட்டில் நடுவில் இருக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் நூல்சுருள் ஒரு மெல்லிய கம்பியில் கோத்து உருண்டுகொண்டே நூலை விடுகிறது, நூல் சுருளுக்குக் குறுக்காக நேரே வெளியே வருகிறது. அடிபட்டு ஓடும் நாடாவில் அப்படிச் செய்ய முடியாது. நாடா வேகமாகப் போய்ச் சட்டென்று பெட்டிக்குள் நிற்கும்போது உருண்டுகொண்டிருக்கும் சுருள் நிற்காது, வேகத்தில் இன்னும் பல சுற்று நூலை அவிழ்த்துவிடும், அது சிக்கலாகித் துணியின் ஓரத்தில் வளையம் வளையமாகத் தொங்கும். அதனால் இதில் சுருள் உருளவே உருளாது. ஒரு முனையில் இறுகப் பிடித்து அசையாமல் நிற்கும், நூல் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு வந்து நாடாவின் ஒரு கோடியில் இருக்கும் துளை வழியே வெளியேறும். உங்கள் போட்டோவில் துளை நடுவில் இல்லை, குச்சியின் நுனி முடிகிற இடத்துக்கு அப்பால், இரும்பு முனைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, வெள்ளையாகப் பீங்கான் வளையமும் தெரிகிறது. நூல் ஓடி ஓடி மரத்தை அறுத்துவிடும் என்பதால்தான் அந்த வளையம். அதிலிருந்து பக்கச்சுவரில் ஒரு மெல்லிய பள்ளம் நீளவாக்கில் போகிறதே, அது அழகுக்காகச் செதுக்கியது இல்லை. நாடா பெட்டிக்குள் நுழையும்போது நூல் பெட்டிச் சுவரில் நசுங்காமல் ஒதுங்கி நிற்பதற்கான இடம்.

சரி, கையால் எறிவது இல்லை என்று ஆகிவிட்டது. கைத்தறி நாடாவா, விசைத்தறி நாடாவா? இதற்கு அடிப்பக்கம் வேண்டும், நல்லவேளையாக இரண்டாவது போட்டோவில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அடியில் இரண்டு சின்ன உருளைகள் இருக்கின்றன. கை இழுக்கிற பலம் கொஞ்சம்தான், அதனால் நாடா பலகைமேல் எளிதாக உருண்டு போக வேண்டும் என்று கைத்தறி நாடாவுக்கு உருளை வைப்பார்கள். விசைத்தறியில் அடி பலமாக விழும், அங்கே நாடா நேராகப் பறப்பதுதான் முக்கியம், அதற்குக் கனமும் தட்டையான அடிப்பாகமும் போதும், உருளை இருக்காது. உருளை இல்லாத கைத்தறி நாடாக்களும் உண்டு என்பதால் இல்லாததை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, ஆனால் இருந்தால் அது கைத்தறி என்று தைரியமாகச் சொல்லலாம். நீளமும் ஒத்துவருகிறது. ஸ்கேல் பக்கத்தில் ஏறக்குறைய 36 செ.மீ. தெரிகிறது. விசைத்தறி நாடாக்கள் பெரும்பாலும் இதைவிட நீளமாகவும் கையில் எடுத்ததுமே உணரும்படி கனமாகவும் இருக்கும்.

விசைத்தறியில் இன்னொரு வகை அடிக்கடி கண்ணில் படும், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலங்காரப் பொருளாக விற்கப்படும் பழைய நாடாக்களில் நிறைய அந்த ரகம்தான். அதில் அடிப்பக்கம் முழுவதும் திறந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தரை தெரியும். குச்சிக்குப் பதிலாக ஒரு கோடியில் பல் வைத்த இரும்புக் கவ்வி இருக்கும். இது 1890-களில் வந்த நார்த்ராப் தானியங்கித் தறியின் வழி. நூல் தீர்ந்ததும் தறியே புது நூல்கட்டையை மேலிருந்து அமுக்கும், காலிக்கட்டை அடி வழியாக விழுந்துவிடும், அதற்குத்தான் அந்தத் திறப்பு. அந்தக் கட்டையின் தடித்த பகுதியில் இரும்பு வளையங்கள் இருக்கும், கவ்வியின் பற்கள் பிடிக்கும் இடம் அது. உங்களுடையதில் அடி மூடியிருக்கிறது, குச்சி ஒரு முளையில் மேலே எழும்பி மடங்குகிறது. கையால் தூக்கி, காலிக்கட்டையைக் கழற்றி, புதியதை மாட்டும் ஏற்பாடு.

துளையைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. துளை முழுதாக மூடிய வட்டமா, அல்லது நூலை மேலிருந்து நழுவ விடுகிற மாதிரி ஒரு வெட்டு இருக்கிறதா என்று ஒரு நெருக்கமான போட்டோ எடுங்கள். மூடிய வட்டம் என்றால் நூலை வெளியே கொண்டுவர ஒரு கொக்கி வேண்டும், அல்லது வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். ஆலைகளில் ஆட்கள் அப்படித்தான் நாளெல்லாம் உறிஞ்சினார்கள், ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததால் நோய் பரவுகிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-ல் அந்த வகை நாடாவைத் தடை செய்தது. விசைத்தறி நாடா ஒன்றின் காலத்தைத் தோராயமாக ஊகிக்க இந்த வெட்டு உதவும். கைத்தறி நாடாவில் அப்படிச் சொல்ல முடியாது, மூடிய துளை வெகுகாலம் தொடர்ந்தது.

இப்போது உள்ளே இருக்கும் குச்சிக்கு வருவோம், அதாவது தார்க்குச்சிக்கு. இதுதான் நாடாவையும் சக்கரத்தையும் இணைக்கும் சாட்சி. ஊடை நூலைச் சுற்றி வைத்தால் அதுதான் தார், அதற்கான இந்தக் குச்சி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒடுங்கியிருக்கும், உடம்பில் சின்னச் சின்ன வரிகள் வெட்டியிருக்கும். நூல் நுனி வழியாக உருவும்போது மொத்தமாக நழுவி விழாமல் அந்த வரிகள்தான் பிடித்துக்கொள்கின்றன. தடித்த முனையில் ஒரு துளை இருக்கிறது பாருங்கள், அது இரண்டு இடங்களில் பொருந்த வேண்டும். நாடாவுக்குள் இருக்கும் முளையில் பொருந்த வேண்டும், தார் சுற்றும் ராட்டையில் சக்கரம் சுழற்றும் இரும்புக் கம்பியான கதிரிலும் பொருந்த வேண்டும். ஆக, தார்க்குச்சி கையில் இருக்கிறது என்றால் அதைச் சுற்றிக் கொடுத்த சக்கரம் ஒன்றும் எங்கோ இருந்தாக வேண்டும். உங்களிடம் ஒரு சக்கரம் இருக்கிறது. அது இதுதானா என்பதுதான் கேள்வி.

சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அது நிஜமாகவே வேலை செய்த சக்கரமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அலங்காரத்துக்குச் செய்த சக்கரத்தில் விளிம்பில் கயிறு போவதற்கான பள்ளம் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும், அதில் உரசிய பளபளப்பு இருக்காது. சக்கரத்தின் பள்ளமும் கதிரில் உள்ள சின்ன உருளையின் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் கயிறு நிற்காது, அப்படிப்பட்ட சக்கரம் ஒரு நாளும் சுற்றியதில்லை. விளிம்பே இல்லாமல், இரண்டு வரிசை ஆரங்களின் நுனிகளைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய சக்கரங்கள் ஆசியா முழுக்க உண்டு, அவற்றில் பள்ளம் தேட வேண்டாம், அந்தக் கட்டுக்கயிற்றின்மேலேயே ஓட்டும் கயிறு உட்காரும். உங்களுடையது விளிம்பு வைத்தது, பள்ளம் இருக்கிறது, கைப்பிடிப் பக்கத்து அச்சுத்துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறது. நன்றாக உழைத்த சக்கரம்.

நூல் நூற்கும் சக்கரம் என்றால் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஃப்ளையர் வைத்தது. குதிரை லாடம் மாதிரி வளைந்த கட்டை, அதன் கைகளில் வரிசையாகக் கொக்கிகள், நடுவில் ஒரு நூல்கண்டு, முன்னால் நூல் உள்ளே போக ஒரு குழாய்த் துளை. இது இருந்தால் பேச்சே இல்லை, நூற்கும் சக்கரம்தான், பெரும்பாலும் காலால் மிதித்து ஓட்டுவது. ஃப்ளையர் தொலைந்துபோயிருந்தாலும் அதைத் தாங்கிய இரண்டு சின்னத் தூண்களும் தூண்களில் தோல் துண்டுகளும் மிச்சம் இருக்கும். உங்களுடையதில் மிதியும் இல்லை, அந்தத் தூண்களும் இல்லை. இன்னொரு வகை வெறும் கதிர் வைத்தது. சிக்கல் இங்கேதான், ஏனென்றால் வெறும் கதிர் உள்ள ராட்டை நூற்கவும் செய்யும், தார் சுற்றவும் செய்யும். பார்த்தால் ஒரே பொருள் மாதிரி இருக்கும்.

வித்தியாசம் கதிரின் நுனியில் இருக்கிறது. கதிரில் நூற்கும்போது நூலை நுனிக்குச் சாய்வாகப் பிடிப்பார்கள், ஒவ்வொரு சுற்றிலும் நூல் நுனியைத் தாண்டி நழுவும், ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு முறுக்கு ஏறும். இது நடக்க நுனி மெல்லியதாக, நீண்டு ஒடுங்கி, ஊசி மாதிரி இல்லாவிட்டாலும் வழவழவென்று இருக்க வேண்டும். நுனியில் ஒரு கீறல் இருந்தால்கூட நூல் மாட்டி அறுந்துவிடும். தார் சுற்றும் கதிருக்கு இந்தக் கவலை இல்லை, அதன் நுனிமேல் தார்க்குச்சி ஏறி மூடிக்கொள்ளப் போகிறது. அதற்கு வேண்டியது குச்சி வழுக்காமல் இறுகப் பிடிக்கும் தடிமனும், கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும் உடம்பும்தான். நுனி மழுங்கியோ வெட்டி விட்டது போலவோ இருக்கலாம். உங்கள் போட்டோவில் கதிர் குட்டையாக, நுனி மழுங்கி இருக்கிறது. அதைவிட முக்கியம், நுனியிலிருந்து சுமார் 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு பளபளப்பான வளையம் தெரிகிறது. நூல் உரசி வந்த பளபளப்பு நுனியில் இருந்திருக்கும். இது ஒவ்வொரு தடவையும் மரக்குச்சி ஏறி வந்து இறுகி நின்ற இடம்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு, போட்டோவிலிருந்தே செய்யலாம். பெரிய சக்கரத்தின் குறுக்களவை, கயிறு ஓடும் சின்ன உருளையின் குறுக்களவால் வகுத்தால், சக்கரம் ஒரு தடவை சுற்றும்போது கதிர் எத்தனை தடவை சுற்றும் என்று தெரியும். அளவு செ.மீ.-ல் தெரிய வேண்டியதில்லை, திரையில் ஸ்கேல் வைத்து அளந்தாலும் விகிதம் அதேதான். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் சக்கரம் முட்டை வடிவமாகத் தெரியும், அப்போது நீளமான குறுக்களவைத்தான் எடுக்க வேண்டும், குறுகியது கோணத்தால் சுருங்கியது. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் சக்கரம் சுமார் 46 செ.மீ., உருளை 3 செ.மீ. ஏறக்குறைய 15 சுற்று.

பருத்தி நூற்க இது மிகவும் குறைவு. ஏன் என்று பார்ப்போம். 20-ஆம் நம்பர் பருத்தி நூல், நடுத்தரமான ஒன்று, உறுதியாக நிற்க ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 முறுக்கு வேண்டும். கையை ஒரு தடவை நீட்டினால் 24 அங்குல நூல் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 430 முறுக்கு. கதிர் 15 சுற்று சுற்றும் சக்கரத்தில் அதற்குக் கைப்பிடியை 29 தடவை சுற்ற வேண்டும், ஒரே ஒரு கைநீட்டலுக்கு. யாரும் அப்படி உட்கார்ந்து நூற்க மாட்டார்கள். அதனால்தான் பருத்தி ராட்டைகளில் சக்கரத்தைப் பெரிதாக்கி உருளையை விரல் தடிமனுக்குச் சுருக்குவார்கள், பெட்டி ராட்டையில் இடையில் இரண்டாவது சக்கரத்தையே வைத்து வேகத்தைக் கூட்டுவார்கள்.

தார் சுற்ற அதே 15 தாராளம். குச்சியில் நூல் ஏறிய நிலையில் சராசரிச் சுற்றளவு 5 செ.மீ. என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 75 செ.மீ. நூல் ஏறுகிறது. மறுபக்கம் பரிவட்டம் என்ற சுழலும் கூண்டில் மாட்டிய சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிய நூல்கட்டு, அந்த வேகத்துக்கு நிதானமாக அவிழும். விகிதம் 60 என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு 3 மீட்டர் இழுக்கும், கை நின்றாலும் பரிவட்டம் நிற்காமல் ஓடி நூலைக் கொட்டிச் சிக்கலாக்கிவிடும். அதனால் குறைந்த விகிதம் இங்கே குறை இல்லை, வேண்டுமென்றே வைத்தது.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பழைய நூற்கும் ராட்டையின் உருளையை மாற்றித் தார் சுற்றப் பயன்படுத்துவது சாதாரணமாக நடந்தது, மில் நூல் வாங்கக் கிடைத்த பிறகு நூற்பது நின்று, அதே சக்கரம் தார் சுற்றும் வேலைக்கு வந்துவிடும். கதிர் புதியதாக, சக்கரம் அதைவிட மிகப் பழையதாக இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம். கதிரைத் தாங்கும் தூண்களில் பயன்படாத பழைய துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், கதிரை இடம் மாற்றியிருந்தால் தழும்பு இருக்கும். உங்கள் போட்டோவில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனால் உள்பக்கம் நிழலில் இருக்கிறது.

கடைசிச் சோதனையைப் போட்டோவில் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். நாடாவிலிருந்து தார்க்குச்சியைக் கழற்றி, கதிரில் மெதுவாக ஏற்றுங்கள். அழுத்தாதீர்கள், காய்ந்த மரம் தடித்த முனையிலேயே பிளக்கும். அந்தப் பளபளப்பு வளையத்துக்குக் கிட்டே வந்து அதுவாக இறுகி நின்று, சக்கரத்தைச் சுற்றும்போது ஆட்டமில்லாமல் கூடவே சுற்றினால், இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வேலை செய்த ஜோடி என்று நான் எழுதியே தருவேன். தொளதொளவென்று ஆடினால் இது வேறு தாருக்கான ராட்டை, அவ்வளவுதான். அப்போதும் அது நூற்கும் ராட்டையாக மாறிவிடாது.

இதைச் செய்வதற்கு முன்னால் எதையும் கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். நாடாவின் உள்மூலையிலும் முளையைச் சுற்றியும் பஞ்சுத்தூசி அடைந்திருக்கும், அதை ஒரு ஊசியால் எடுத்துத் தனியாக ஒரு காகிதத்தில் வையுங்கள். பருத்தியா, பட்டா, கம்பளியா, சாயம் என்ன நிறம் என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. துடைத்துவிட்டால் போயே போச்சு.

அந்தச் சீப்பு மாதிரியான சட்டம் அச்சு, சிலர் பண்ணை என்பார்கள். இதைக் கம்பளி சீவும் சீப்பு என்று தவறாகச் சொல்பவர்கள் உண்டு. சீவும் சீப்பில் பற்களின் ஒரு முனை திறந்திருக்கும், இதில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் கட்டி மூடியிருக்கிறது. பாவு நூல்களை மேலும் கீழும் பிரிக்கும் விழுதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம், விழுதில் ஒவ்வொரு இழைக்கும் நடுவில் ஒரு கண் இருக்கும், இதில் கண் கிடையாது, நேரான இடுக்குகள் மட்டும்தான். பாவு நூல்கள் இந்த இடுக்குகள் வழியாக வரும், நாடா ஓடி முடித்ததும் இந்த அச்சு முன்னால் வந்து ஊடையை அடித்து நெருக்கும்.

அச்சில் எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று. 2 அங்குலத்துக்குள் எத்தனை இடுக்கு? உங்கள் நெருக்கமான படத்தில் ஓர் அங்குலத்துக்கு 36 எண்ணினேன், 2 அங்குலத்துக்கு 72. ஓர் இடுக்குக்கு இரண்டு இழை என்பது வழக்கமான கணக்கு, அதன்படி ஓர் அங்குலத்துக்கு 72 பாவு இழை. நடுத்தர நெருக்கமுள்ள துணி, போர்வைக்கு இவ்வளவு வேண்டாம், நயமான மெல்லிய துணிக்கு இது போதாது. நான் 20-ஆம் நம்பர் நூலை வைத்துக் கணக்குப் போட்டதும் இதனால்தான், இந்த நெருக்கத்துக்கு அந்த மாதிரி நூல் பொருந்தும். எண்ணும்போது நடுப்பகுதியில் எண்ணுங்கள், ஓரங்களில் பற்கள் வளைந்தும் விலகியும் இருக்கும், அங்கே எண்ணினால் தப்பான எண் வரும். அச்சின் மொத்த அகலம் ஏறக்குறைய 50 அங்குலம் தெரிகிறது, துணி அதைவிடக் கொஞ்சம் குறுகி வரும். இவ்வளவு அகலத்துக்குக் கையால் நாடா எறிவது கஷ்டம், அடிபட்டு ஓடும் நாடாதான் வசதி. உங்கள் நாடாவும் அதேதான் சொல்கிறது. பற்கள் எஃகு மாதிரி மினுக்குகின்றன, ஆனால் போட்டோ வெளிச்சத்தில் மெருகேறிய மூங்கிலும் அப்படித் தெரியும், ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆக, மூன்றும் நெய்தவர் வீட்டுச் சாமான்கள், நூற்றவர் வீட்டுடையவை இல்லை. நூல் சிட்டமாக வெளியிலிருந்து வந்தது, இந்த ராட்டையில் தாராகச் சுற்றப்பட்டது, இந்த நாடாவில் ஏறியது. கண்டிப்பாக ஒரு பரிவட்டமும் இருந்திருக்க வேண்டும், சிட்டத்தை மாட்டிச் சுழல விடுகிற கூண்டு, மூட்டையில் ஆரங்கள் மாதிரி தனித்தனிக் குச்சிகள் கிடந்தால் விறகென்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

மிச்சம் அந்தத் தட்டையான கட்டை. அது தறியோடு சேர்ந்தது இல்லை. தட்டையான நாடா என்று ஒன்று உண்டு, ஆனால் அதில் இரண்டு முனையிலும் வெட்டு இருக்கும், நூலை நீளவாக்கில் சுற்றுவார்கள். உங்களுடையதில் ஒரு முனை கூர், மறுமுனையில் மட்டும் பிளவு, நடுவில் வெட்டிவிட்ட நாக்கு. நூலை நாக்கில் மாட்டி, கீழே பிளவு வழியாகக் கொண்டுவந்து, கட்டையைத் திருப்பி மறுபக்கம் அதே நாக்கில் மாட்டி ஏற்றுவது. வலை பின்னும் ஊசி அது. நாக்கின் அடியில் நூல் அறுத்த மெல்லிய கோடுகள் இருக்கும், பாருங்கள், வலை நூல் தடிமனானது என்பதால் அந்தக் கோடுகள் நாடாத் துளையில் வரும் தேய்மானத்தைவிட அகலமாக இருக்கும்.

மரம் என்ன மரம், எத்தனை வருடப் பழசு என்று போட்டோவைப் பார்த்துச் சொல்லச் சொல்லாதீர்கள், அழுக்கும் எண்ணெயும் ஏறிய மரத்தில் அதைச் சொல்பவர் ஊகிக்கிறார் என்றுதான் அர்த்தம். நாடாவின் பக்கச்சுவரிலோ முனைக்கு அருகிலோ அழுத்திப் பதித்த எழுத்தோ எண்ணோ இருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நேர் வெளிச்சம் இல்லாமல் ஒரு படம் எடுங்கள், கண்ணுக்குத் தெரியாத பதிவுகூட நிழலாக எழும்பும். அதோடு கதிரின் நுனி, கதிர்த் தூண்களின் உள்பக்கம், தார்க்குச்சியைக் கதிரில் ஏற்றிய நிலை, இந்த மூன்றுக்கும் நெருக்கமான படம் வேண்டும். ஸ்கேலை எப்போதும் பொருளின் அதே உயரத்தில் வையுங்கள், தரையில் வைத்தால் பொருளின் அளவு நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும்.